வினாநிரலில் வீண் கேள்வியும் விடுபட்ட கேள்வியும்: புளூபிரிண்ட் அட்டவணை போடும் முறை

பள்ளி ஆசிரியர்களுக்குப் புளூபிரிண்ட் புதிதல்ல. எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், அதில் ஒரு மதிப்பெண் வினா எத்தனை, நெடுவினா எத்தனை என்று முதலில் கட்டம் போட்டுவிட்டு, அப்புறம்தான் வினாத்தாள் எழுத உட்காருவார்கள். ஆய்வுக்கான வினாநிரலையும் இதே மாதிரிதான் எழுத வேண்டும். ஆனால் முதுகலைத் திட்டக்கட்டுரை எழுதுகிறவர்களில் பலர் பழைய ஆய்வேடுகளிலிருந்து பத்துப் பத்துக் கேள்விகளாக எடுத்துச் சேர்த்து, கூகுள் ஃபார்மில் ஏற்றிவிட்டு, எல்லோரும் பதில் சொல்லி முடித்த பிறகே ஆய்வு வினாக்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் முதல் ஆய்வில் அப்படித்தான் செய்தேன். 150 பேரிடம் கேட்டுவிட்டு, முடிவுகளை எழுதும் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது, என் இரண்டாவது ஆய்வு வினாவுக்கு விடை சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. திரும்பப் போய்க் கேட்க வழியில்லாததால் அந்த ஆய்வு வினாவையே நீக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எடுத்துக்காட்டை எடுத்து, அட்டவணையை முதல் கட்டத்திலிருந்து போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் ஒரு சொல் வேறுபாடு: நாம் அறிய விரும்புவதை 'ஆய்வு வினா' என்றும், எதிரில் இருப்பவரிடம் கேட்பதைக் 'கேள்வி' என்றும் சொல்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. 'இலவசப் பயணம் பெண்களுக்கு எவ்வளவு மிச்சம் தருகிறது?' என்பது ஆய்வு வினா. அதை அப்படியே ஒரு பெண்ணிடம் கேட்டால் அவருக்குத் தோன்றிய ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

## எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே 8 முதல் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர், பேச்சில் ஃப்ரீ பஸ். ஜவுளிக் கடைகளில் விற்பனை வேலை பார்க்கும் பெண்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வு செய்ய ஒரு மாணவி 34 கேள்விகளோடு என்னிடம் வந்தார். அவருடைய ஆய்வு வினாக்கள் மூன்று:

1. வேலைக்குப் போய்வரும் பயணங்களில் எவ்வளவு பங்கு ஃப்ரீ பஸ்ஸில் நடக்கிறது?
2. அதனால் மாதம் எவ்வளவு மிச்சம், அது எதற்குப் போகிறது?
3. பஸ்ஸில் தாங்கள் நடத்தப்படும் விதத்தை எப்படி உணர்கிறார்கள், பயணப் பங்கோடு அதற்குத் தொடர்பு உண்டா?

ஆய்வு வினாக்கள் நன்றாகவே இருந்தன. கேள்விகளைத் தொடாமல் ஓரமாக வைக்கச் சொன்னேன். கேள்விகள் கண்முன் இருந்தால், அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகவே அட்டவணையை வளைப்போம்.

## முதலில் கடைசிப் பத்தியை நிரப்புங்கள்

அட்டவணையில் ஆறு பத்திகள் போதும்: ஆய்வு வினா, தெரிய வேண்டிய விவரம், யாரிடம், கேள்வி எண்கள், பதிலின் வடிவம், ஆய்வேட்டில் எந்த அட்டவணைக்கு. நிரப்ப வேண்டிய வரிசை இடமிருந்து வலம் அல்ல. முதல் பத்தியை எழுதியதும் நேராகக் கடைசிக்குப் போங்கள். நான்காம் அத்தியாயத்தில் இந்த ஆய்வு வினாவுக்கு விடையாக நிற்கப்போகும் அட்டவணையை வெற்றுக் கட்டங்களோடு ஒரு தாளில் வரையுங்கள். எண்கள் எதுவும் வேண்டாம், தலைப்புகள் மட்டும் போதும்.

முதல் ஆய்வு வினாவுக்கு மாணவி வரைந்தது இது: மேலே 'காலை', 'இரவு', 'மொத்தம்', பக்கவாட்டில் கடை முடியும் நேரம், ஒன்பதுக்கு முன், ஒன்பதுக்குப் பின். கட்டங்களுக்குள் வர வேண்டியது ஃப்ரீ பஸ் பயணங்களின் சதவீதம். வரைந்து முடித்ததும் அவரே நிமிர்ந்து பார்த்து, "இரவுப் பயணத்தைத் தனியாக நான் கேட்கவே இல்லையே அக்கா" என்றார். அவருடைய 34இல் 'ஃப்ரீ பஸ்ஸை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள்' என்பது ஐந்து விதமாக இருந்தது. தினமும், அடிக்கடி, சில சமயம் என்று பதில்களும் இருந்தன. ஆனால் கடை அடைத்து வெளியே வரும் நேரத்தில் டவுன் பஸ் குறைந்துவிடும், பலர் ஷேர் ஆட்டோவில்தான் திரும்புவார்கள் என்பது அவருக்கே நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் வினாநிரலுக்குள் வரவில்லை. வெற்று அட்டவணை அதை வெளியே கொண்டுவந்தது.

சதவீதம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எதை எதால் வகுப்பது என்பதும் தெரிந்தாக வேண்டும். அதிலிருந்து கேள்விகள் தாமாக விழும். கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்? அதில் எத்தனை நாள் காலையில் ஃப்ரீ பஸ்ஸில் வந்தீர்கள்? எத்தனை நாள் இரவில் அதில் திரும்பினீர்கள்? ஒருவர் 6 நாள் வேலைக்குப் போய், காலையில் 6 முறையும் இரவில் 2 முறையும் ஃப்ரீ பஸ் ஏறியிருந்தால், 12 பயணங்களில் 8, அதாவது 67 சதவீதம். 'அடிக்கடி' என்ற பதிலிலிருந்து இந்த எண் எந்தக் காலத்திலும் வராது.

## விவரமாக உடைத்தல்

இரண்டாவது ஆய்வு வினாவில்தான் அதிக நேரம் செலவானது, அப்படிச் செலவாக வேண்டிய இடமும் அதுதான். 'மிச்சம்' என்பது ஒரு விவரம்போலத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு கழித்தல். கழித்தலுக்கு இரண்டு எண்கள் வேண்டும். இப்போது ஆகும் செலவு ஒன்று. மற்றொன்று?

திட்டத்துக்கு முன் ஆன செலவு என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். இந்த ஆய்வில் அது சரிவராது. இலவசப் பயணம் தொடங்கிய இரண்டே நாளில், 2021 மே 10 அன்று, கொரோனா முழு ஊரடங்கு வந்து பஸ்களும் நின்றன. அதற்கு முந்தைய மாதங்களும் வழக்கமான மாதங்கள் அல்ல. தவிர, இன்று கடையில் நிற்கும் பல பெண்கள் அப்போது வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய பஸ் செலவை நினைவிலிருந்து சொல்வதும் நம்பத் தக்கதல்ல.

ஆகவே இரண்டாவது எண்ணை வேறு விதமாகப் பிடித்தோம். 'இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் காசு என்றால், கடைசியாக நீங்கள் ஃப்ரீ பஸ்ஸில் வந்த அன்று எதில் வந்திருப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'அதற்கு ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும்?' என்று இன்னொன்று. ஷேர் ஆட்டோ, 20 ரூபாய் என்று ஒருவர் சொன்னால், வாரத்துக்கு 8 பயணம், 160 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 690. அதே பஸ்ஸில் காசு கொடுத்தே வந்திருப்பேன் என்றால் அந்த டிக்கெட் விலைதான் மிச்சம். நடந்தே வந்திருப்பேன் என்றால் பண மிச்சம் பூஜ்யம். அவருக்குக் கிடைத்தது நேரமும் கால்வலி இல்லாத காலையும். மூவரையும் ஒரே 'மிச்சம்' கணக்கில் போட்டிருந்தால் முடிவு தவறாகியிருக்கும்.

இப்படி உடைக்கும்போது எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள். ஒரு விவரத்தை ஒரே கேள்வியில், யோசித்துத் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம். மனப்போக்கை அளக்கும் இடத்தில் மட்டும் இந்த விதி மாறும். அதற்கு அடுத்து வருகிறேன்.

## ஒரு பக்கம் சாய்ந்த அளவுகோல்

மூன்றாவது ஆய்வு வினாவில் 'நடத்தப்படும் விதம்' என்று இருக்கிறது. யார் நடத்தும் விதம்? மாணவியின் பழைய கேள்விகளில் 7 இதைப் பற்றியவை. அவற்றில் 6 நடத்துநரைப் பற்றி, 1 சக பயணிகளைப் பற்றி. ஓட்டுநரைப் பற்றி ஒன்றும் இல்லை. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் பஸ்ஸைத் தள்ளி நிறுத்துவதும் நிறுத்தாமலே போவதும் அடிக்கடி கேள்விப்படுகிற குறை. அதைச் செய்பவர் ஓட்டுநர். இந்த 7 கேள்விகளின் மதிப்பெண்களைக் கூட்டி 'நடத்தப்படும் விதம்' என்று பெயர் வைத்தால், உண்மையில் அது நடத்துநருக்குப் போட்ட மதிப்பெண்ணாகத்தான் இருக்கும். வினாநிரலை வரிசையாகப் படிக்கும்போது இந்தச் சாய்வு கண்ணில் படாது. அட்டவணையில் வரிசைகளாகப் போட்டால் 6, 0, 1 என்று உடனே தெரியும்.

மூன்று பேருக்கும் மும்மூன்று கேள்விகள் என்று வைத்தோம். ஏன் மூன்று? ஒரே ஒரு கூற்றை நம்பி மனப்போக்கை அளந்தால், அந்தக் கூற்றின் ஒரு சொல் தவறாகப் புரிந்தாலே அளவு கெட்டுவிடும். இரண்டு வைத்தால், சிலரிடம் கேட்டுப் பார்க்கும் முன்னோட்டத்தில் ஒன்று போனதும் மறுபடி ஒன்றுதான் மிஞ்சும். மூன்று என்பது குறைந்தபட்சம். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக நம்பகத்தன்மைக் கெழு காட்ட வேண்டும் என்று கைடு சொன்னால், ஐந்து ஆறு வரை போக வேண்டியிருக்கும். கேள்விகளின் எண்ணிக்கை குறைந்தால், அந்தக் கெழுவாகக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபாவும் பொதுவாகக் குறையும். இங்கே 9 கூற்றுகளையும் சேர்த்து ஒரே அளவுகோலாகக் கணக்கிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, கடைசிப் பத்தியில் எழுதிவிட்டோம்.

## 'யாரிடம்' என்ற பத்தி

புதியவர்கள் இந்தப் பத்தியைத் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விடுபட்ட கேள்விகளில் அதிகமாக விடுபடுவது, யாரிடம் எந்தக் கேள்விகளைக் கேட்பது என்று பிரிக்கும் வடிகட்டிக் கேள்விதான், ஏனென்றால் அது எந்த ஆய்வு வினாவுக்கும் நேரடியாக உரியதல்ல.

நடத்தப்படும் விதத்தை யாரிடம் கேட்பது? 'கடந்த வாரம் ஃப்ரீ பஸ்ஸில் வந்தவர்களிடம்' என்று மாணவி எழுதினார். இயல்பான பதில்தான். ஆனால் மூன்றாவது ஆய்வு வினா, நடத்தைக்கும் பயணப் பங்குக்கும் தொடர்பு தேடுகிறது. பேச்சு பொறுக்காமல் ஃப்ரீ பஸ்ஸை அடியோடு விட்டவர்கள் கடந்த வாரம் அதில் ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களை வெளியே தள்ளிவிட்டால், தொடர்பு மிக வலுவாக இருக்கக்கூடிய இடத்தையே தள்ளிவிடுகிறோம். ஆகவே வடிகட்டி 'எப்போதாவது ஃப்ரீ பஸ்ஸில் போயிருக்கிறீர்களா?' என்று மாறியது. கூற்றுகளுக்கு முன்னுரையும் 'நீங்கள் ஃப்ரீ பஸ்ஸில் போன காலத்தில்' என்று மாறியது.

## அட்டவணை

இதெல்லாம் சேர்ந்து இப்படி நின்றது. வரிசைக் குறியீடு ஒன்றும் சேர்த்திருக்கிறேன், அதன் பயன் பின்னால் தெரியும். கேள்விக் குறியீடுகளில் ப என்பது பயணம், செ செலவு, ந நடத்தை, பி பின்னணி, வடி வடிகட்டி.

| வரிசை | ஆய்வு வினா | தெரிய வேண்டிய விவரம் | யாரிடம் | கேள்விகள் | பதிலின் வடிவம் | எதற்கு |
|---|---|---|---|---|---|---|
| வ1 | 1 | வேலை நாள், காலை மற்றும் இரவு ஃப்ரீ பஸ் பயணம் | எல்லோரிடமும் | ப1, ப2, ப3 | எண் | பயணப் பங்கு, சதவீதம் |
| வ2 | 1 | மற்ற பயணங்களின் வாகனம் | எல்லோரிடமும் | ப4 | தெரிவு | வாகனவாரி எண்ணிக்கை |
| வ3 | 2 | ஃப்ரீ பஸ் இல்லாவிட்டால் மாற்று, அதன் கட்டணம் | கடந்த வாரம் போனவர் | செ1, செ2 | தெரிவு, ரூபாய் | மாத மிச்சம் |
| வ4 | 2 | இப்போதும் ஆகும் பயணச் செலவு | எல்லோரிடமும் | செ3 | ரூபாய் | சம்பளத்தில் பயணச் செலவின் பங்கு |
| வ5 | 2 | மிச்சம் போகும் இடம் | கடந்த வாரம் போனவர் | செ4 | பல தெரிவு | செலவு வகை எண்ணிக்கை |
| வ6 | 3 | நடத்துநர் | எப்போதாவது போனவர் | ந1–ந3 | நான்கு நிலை | நடத்தை அளவுகோல் |
| வ7 | 3 | ஓட்டுநர் | எப்போதாவது போனவர் | ந4–ந6 | நான்கு நிலை | நடத்தை அளவுகோல் |
| வ8 | 3 | சக பயணிகள் | எப்போதாவது போனவர் | ந7–ந9 | நான்கு நிலை | நடத்தை அளவுகோல் |
| வ9 | 1, 2 | வயது, ஏறும் நிறுத்தம், கடை முடியும் நேரம், சம்பளம் | எல்லோரிடமும் | பி1–பி4 | எண், தெரிவு | குழு ஒப்பீடு |
| வ10 | எல்லாம் | ஃப்ரீ பஸ் அனுபவம் உண்டா | எல்லோரிடமும் | வடி1 | ஆம், இல்லை | பிரித்து அனுப்ப |

## பழைய கேள்விகளை இப்போது எடுங்கள்

இப்போதுதான் அந்த 34ஐயும் மேசைக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றையும் எந்த வரிசைக்கு என்று கேட்டு வைத்தோம். 20 கேள்விகளுக்கு வரிசை கிடைத்தது, 14க்குக் கிடைக்கவில்லை.

வரிசை கிடைக்காத 14இல் பாதிக்கு மேல் முதல் பக்கத்துக் கேள்விகள்: மதம், சாதிப் பிரிவு, திருமண நிலை, கணவர் தொழில், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை போன்றவை. 'எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறதே' என்பதுதான் அவை இருந்ததற்கான ஒரே காரணம். எந்த வெற்று அட்டவணையிலும் அவற்றுக்குத் தலைப்பு இல்லை. கடை வாசலில் நின்றபடி, மேலாளர் பார்க்கும் தூரத்தில் பதில் சொல்லும் ஒரு பெண்ணிடம் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்பது, அடுத்து வரும் எல்லாப் பதில்களையும் இறுக்கமாக்கும். பயன்படுத்தாத தகவலுக்காக அந்த விலை கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கேள்வி மட்டும் எங்களை நிறுத்தியது. 'மிச்சமாகும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?' நல்ல கேள்வி, எனக்கும் அதன் பதில் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஆனால் வரிசை இல்லை. இந்த நிலையில் இரண்டே வழிதான். ஆய்வு வினாவையே விரித்து எழுதி, கைடிடம் ஒப்புதல் வாங்கி, புதிய வரிசை போடலாம். இல்லாவிட்டால் கேள்வியை எடுத்துவிடலாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைப்பது மூன்றாவது வழி அல்ல. ஒற்றைக் கேள்வியை வைத்து வீட்டில் யாருக்கு முடிவெடுக்கும் உரிமை என்று பேச முடியாது என்பதால் மாணவி எடுத்துவிட்டார்.

வரிசை கிடைத்த 20இலும் 7 மிகை. பயன்பாட்டை வேறு வேறு சொற்களில் கேட்ட ஐந்தில் ஒன்றை ப2 ஆகத் திருத்தி வைத்துக்கொண்டு நான்கை விட்டோம். நடத்துநர் கூற்றுகள் ஆறில் மூன்றை விட்டோம். மிஞ்சியது 13. புதிதாக எழுதியவை 9: இரவுப் பயணம், மாற்று வாகனம், அதன் கட்டணம், வடிகட்டி, ஓட்டுநர் மூன்று, சக பயணிகள் இரண்டு. மொத்தம் 22.

ஒரு கேள்வி இரண்டு வரிசைகளில் உட்கார முயன்றால் அதைக் கூர்ந்து பாருங்கள். 'நடத்துநரும் ஓட்டுநரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்' என்ற கூற்று வ6க்கும் வ7க்கும் போகும். நடத்துநர் நல்லவர், ஓட்டுநர் அப்படியில்லை என்று நினைப்பவர் எதைத் தொடுவார்? அதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் கடை முடியும் நேரம் இரண்டு ஆய்வு வினாக்களுக்கும் உதவுவது குறையல்ல. அது ஒரே விவரம், இரண்டு இடத்தில் பயன்படுகிறது.

## எக்ஸெலில் சரிபார்த்தல்

22 கேள்விகளைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். 60 என்றால் முடியாது. Blueprint என்ற தாளில் A பத்தியில் வரிசைக் குறியீடுகளை வையுங்கள். Items என்ற தாளில் A பத்தியில் கேள்விக் குறியீடு, B பத்தியில் கேள்வி, C பத்தியில் அது எந்த வரிசைக்கு என்பது. இரண்டு தாளிலும் முதல் வரி தலைப்புகளுக்கு. அப்புறம் Blueprint தாளில் ஒரு காலிப் பத்தியின் இரண்டாம் வரியில் இதை இட்டு, கீழ்வரை நகலெடுங்கள்:

```
=COUNTIF(Items!C:C,A2)
```

0 வந்தால் அந்த வரிசைக்குக் கேள்வி இல்லை, விடுபட்டுவிட்டது. மனப்போக்கு வரிசையில் 3க்குக் கீழே வந்தாலும் நின்று பாருங்கள். Items தாளின் D பத்தியில், அதேபோல இரண்டாம் வரியிலிருந்து, இது:

```
=COUNTIF(Blueprint!A:A,C2)
```

இங்கே 0 வந்தால் அந்தக் கேள்விக்கு வரிசை இல்லை. வரிசைக் குறியீட்டுக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் 0 தான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு வரிசை என்றால் Items தாளில் அதை இரண்டு முறை எழுதுங்கள்.

கேள்விக் குறியீடுகளை அச்சிடும் வரிசை எண்ணோடு குழப்ப வேண்டாம். வினாநிரலில் முதல் கேள்வி வடி1, சம்பளம் கடைசியில். அட்டவணையின் ஒழுங்கு நமக்கு, வினாநிரலின் ஒழுங்கு பதில் சொல்பவருக்கு. வரிசை எண் எத்தனை தடவை மாறினாலும் ந5 என்பது ந5 ஆகவே இருக்கட்டும்.

## வேறொருவர் கண்ணில்

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், கேள்வி அதன் வரிசைக்கு உண்மையிலேயே உரியதா என்பதை சூத்திரம் சொல்லாது. அதற்கு ஒரு சோதனை: 9 கூற்றுகளையும் தனித்தனிச் சீட்டுகளாக வெட்டி, அட்டவணையைப் பார்க்காத மூன்று பேரிடம் கொடுங்கள். நடத்துநர், ஓட்டுநர், சக பயணிகள், எதிலும் சேராது என்று நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 'எங்கள் நிறுத்தத்தில் பஸ் தள்ளிப் போய் நிற்கிறது' என்பதை மூவரும் ஓட்டுநரிடம் வைத்தார்கள். 'இலவசம்தானே என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது' என்பதை ஒருவர் நடத்துநரிடமும், ஒருவர் சக பயணிகளிடமும், ஒருவர் எதிலும் சேராதது என்றும் வைத்தார்கள். பேசுவது யார் என்று அந்தக் கூற்றில் இல்லை. 'கூட வரும் பயணிகள் இலவசம்தானே என்று பேசுகிறார்கள்' என்று மாற்றியதும் சரியானது.

அடுத்து முன்னோட்டம், பத்துப் பன்னிரண்டு பேரிடம். இத்தனை பேரை வைத்து ஆல்ஃபா கணக்கிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. யார் எந்தக் கேள்வியில் நின்றார்கள், எதை மறுபடி கேட்கச் சொன்னார்கள், எதற்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாணவியின் முன்னோட்டத்தில் ந5, 'ஓட்டுநர் நிதானமாக ஓட்டுகிறார்', எல்லோரிடமும் 'எப்போதும்' என்ற ஒரே பதிலை வாங்கியது. ஒரு பெண் விளக்கமே சொன்னார்: நிதானமாக ஓட்டுவது பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும்தானே, எங்களுக்கென்று இல்லையே. கூற்றை எடுத்தோம். எடுத்ததும் Blueprint தாளில் வ7க்கு நேரே 3 என்பது 2 ஆனது. அந்த இடத்துக்கு 'பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்காமல் போகிறது' என்று புதிதாக எழுதி ந10 என்று குறியிட்டோம். பழைய குறியீட்டை மறுபடி கொடுத்தால் முன்னோட்டத் தாள்களோடு குழம்பும். இந்தக் கூற்றுக்கும், 'தள்ளிப் போய் நிற்கிறது' போன்ற மற்ற எதிர்மறைக் கூற்றுகளுக்கும் 'எப்போதும்' என்ற பதில் மோசமான நடத்தையைக் குறிக்கிறது. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் என்று அந்தந்த வரிசையின் பதில் வடிவத்தில் அப்போதே எழுதிவைத்தோம். பிறகு மாணவி ந10ஐ மட்டும் இன்னும் ஐந்து பெண்களிடம் கேட்டுப் பார்த்தார். பதில்கள் பிரிந்து வந்தன. அதற்குப் பிறகுதான் வினாநிரலை அச்சுக்குக் கொடுத்தார்.